கணுக்காலில் எலும்பு உடைந்த உயரம்



கால் பிசகிக் கணுக்கால் வீங்கி வருகிறவருக்கு எக்ஸ்ரே எடுக்கிறோம். வெளிப்பக்க எலும்பு உடைந்திருந்தால், அது எந்த உயரத்தில் உடைந்திருக்கிறது என்பதைத்தான் எலும்பு மருத்துவர் முதலில் பார்ப்பார். அந்த உயரத்தை வைத்து ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரிக்கும் முறை ஒன்று உண்டு. அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது என்று இன்று பார்க்கலாம்.

உட்கார்ந்திருப்பவர்கள் உங்கள் கணுக்காலைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு முண்டு இருக்கும். உள்பக்க முண்டு, டிபியா என்ற பெரிய எலும்பின் முனை. வெளிப்பக்க முண்டு, ஃபிபுலா என்ற மெல்லிய எலும்பின் முனை; இது சற்றுக் கீழே இறங்கியிருக்கும். இவை இரண்டுக்கும் நடுவில், இடுக்கியில் பிடித்தது போல, டேலஸ் என்ற பாத எலும்பு உட்கார்ந்திருக்கிறது. பாதம் மேலும் கீழும் அசைய வேண்டும். டேலஸ் பக்கவாட்டில் நகரக் கூடாது.

அதை நகரவிடாமல் வைத்திருப்பவை எலும்புகள் மட்டுமல்ல, ஜவ்வுகளும்தான். மூட்டுக்குச் சற்று மேலே டிபியாவையும் ஃபிபுலாவையும் சேர்த்துக் கட்டும் ஜவ்வுகள் உண்டு. அவற்றுக்கு மொத்தமாக சின்டெஸ்மோசிஸ் என்று பெயர். உள்பக்க முண்டிலிருந்து பாதத்துக்கு இறங்கும் உறுதியான ஜவ்வு டெல்டாய்ட். சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், ஜவ்வு தெரியாது. அதனால், தெரிகிற எலும்பு முறிவை வைத்துத் தெரியாத ஜவ்வின் நிலையை ஊகிக்க வேண்டியிருக்கிறது. இந்த வகைப்பாடு பிறந்ததே அதற்காகத்தான். பெல்ஜியத்தின் ராபர்ட் டானிஸ் 1949-இல் இதற்கு அடித்தளம் போட்டார். சுவிட்சர்லாந்தின் வெபர் 1966-இல் இதைச் செப்பனிட்டுப் பரப்பினார். இன்றும் மருத்துவமனைகளில் 'வெபர் பி' என்றுதான் பேசிக்கொள்கிறோம்.

மூன்று வகைகளையும் பார்ப்போம். மூட்டு மட்டத்துக்குக் கீழே, முண்டின் நுனிப் பகுதியில் குறுக்காக உடைந்தால் அது ஏ. பாதம் உள்பக்கமாக மடங்கும்போது வெளிப்பக்க ஜவ்வு எலும்பின் நுனியை இழுத்துப் பிய்த்துவிடுகிறது. மேலே இருக்கும் சின்டெஸ்மோசிஸுக்குப் பாதிப்பில்லை. உள்பக்க எலும்பும் உடையாமல் இருந்தால் பெரும்பாலும் அறுவை தேவைப்படாது.

மூட்டு மட்டத்திலேயே, சின்டெஸ்மோசிஸ் இருக்கும் இடத்தில் உடைந்தால் அது பி. நாங்கள் அதிகம் பார்ப்பது இதைத்தான். பாதம் தரையில் ஊன்றியிருக்க உடல் திரும்பும்போது ஃபிபுலா முறுக்கி உடைகிறது. பக்கவாட்டுப் படத்தில், முறிவுக் கோடு முன்பக்கம் தாழ்வாகத் தொடங்கி, பின்பக்கம் மேலேறிச் செல்லும். கோட்டின் மேல் முனையை மட்டும் பார்த்து இதை சி என்று சொல்லிவிடக் கூடாது. தொடங்கும் இடம் எங்கே என்று பார்க்க வேண்டும்.

சின்டெஸ்மோசிஸுக்கு மேலே உடைந்தால் அது சி. விசை அவ்வளவு உயரத்துக்கு ஏறியிருக்கிறது என்றால், வழியில் இருந்த ஜவ்வுகள் பெரும்பாலும் கிழிந்திருக்கும். உள்பக்கமும் அடிபட்டிருக்கும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அறுவை செய்துதான் சரிசெய்ய வேண்டும்.

ஏ என்றால் நிம்மதி, சி என்றால் அறுவை என்று ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். பி-யில் அப்படிச் சொல்ல முடியாது. அதே உயரத்தில், அதே கோணத்தில் உடைந்த இரண்டு பேரில் ஒருவருக்குக் கட்டு போதும், இன்னொருவருக்குப் பிளேட் வைக்க வேண்டிவரும். அந்த வேறுபாடு உள்பக்கத்தில் இருக்கிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். நாற்பது வயதுப் பெண், மழை ஈரத்தில் படியில் வழுக்கி விழுந்தார் என்று வைத்துக்கொள்வோம். வெளிப்பக்கம் நன்றாக வீங்கியிருக்கிறது. நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், காலைச் சுமார் 15 டிகிரி உள்பக்கம் திருப்பி ஒரு படம் எடுக்கிறோம். மூன்றாவது படத்தில்தான் மூட்டைச் சுற்றியுள்ள இடைவெளி முழுதும் மறைவில்லாமல் தெரியும். ஃபிபுலா மூட்டு மட்டத்தில் முறுக்கி உடைந்திருக்கிறது. உள்பக்க எலும்பு முழுதாக இருக்கிறது. டேலஸுக்கும் உள்பக்க முண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அளக்கிறோம்: 3 மில்லிமீட்டர். டேலஸுக்கு மேலே உள்ள இடைவெளியும் 3. பொதுவாக உள்பக்க இடைவெளி 4 மில்லிமீட்டருக்குள், மேல் இடைவெளியை ஒட்டியே இருக்க வேண்டும். படம் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்தப் படம் அவர் படுத்திருந்தபோது எடுத்தது. காலின் மேல் எந்த விசையும் இல்லாதபோது, டெல்டாய்ட் கிழிந்திருந்தாலும் டேலஸ் தன் இடத்திலேயே இருக்கலாம். உள்பக்கம் அழுத்திப் பார்த்து, வலிக்கிறது என்பதால் ஜவ்வு கிழிந்தது என்றோ, வலிக்கவில்லை என்பதால் கிழியவில்லை என்றோ முடிவுகட்ட முடியாது. அதனால் விசை கொடுத்துப் பார்க்கிறோம். அடிபட்ட பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, பாதத்தை மேஜை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு ஒரு படம் எடுக்கலாம். பாதத்தின் எடையே மூட்டை இழுத்துப் பார்த்துவிடும். அல்லது சில நாள் கழித்து வலி தணிந்ததும், அவரை அந்தக் காலை ஊன்றி நிற்கச் சொல்லிப் படம் எடுக்கலாம்.

நின்று எடுத்த படத்திலும் இடைவெளி 3 மில்லிமீட்டராகவே இருந்தால், அந்த மூட்டு எடையைத் தாங்குகிறது. கணுக்காலைத் தாங்கும் பூட்ஸோ மாவுக்கட்டோ போட்டு, சுமார் ஆறு வாரம் கவனித்தால் போதும். அதுவே 6 மில்லிமீட்டராக விரிந்தால், டெல்டாய்ட் கிழிந்து டேலஸ் வெளிப்பக்கம் நகர்ந்திருக்கிறது. அப்போது பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்து ஃபிபுலாவைப் பழைய நீளத்துக்குக் கொண்டுவருவது பற்றிப் பேச வேண்டும். இரண்டும் வெபர் பி-தான்.

சில மில்லிமீட்டருக்கு இவ்வளவு கவனம் ஏன் என்று கேட்கலாம். 1976-இல் ராம்சேயும் ஹாமில்டனும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். டேலஸ் 1 மில்லிமீட்டர் வெளிப்பக்கம் நகர்ந்தாலே, மூட்டின் இரு பரப்புகளும் தொடும் இடம் சராசரியாக 42 சதவீதம் குறைந்தது. நடக்கும்போது நம் எடை முழுவதும் மிச்சமுள்ள சிறிய இடத்தில் விழும். குருத்தெலும்பு தேய்ந்து, ஆண்டுகள் கழித்து நிரந்தர மூட்டுவலி வருவதற்கு அது வழி.

இன்னொரு நிலைமையையும் சொல்லியாக வேண்டும். கணுக்கால் படத்தில் ஃபிபுலாவில் முறிவே இல்லை. ஆனால் உள்பக்க இடைவெளி விரிந்திருக்கிறது, அல்லது உள்பக்க எலும்பு மட்டும் உடைந்திருக்கிறது. அப்போது முறிவு படத்துக்கு வெளியே, முழங்காலுக்குச் சற்றுக் கீழே இருக்கலாம். விசை கணுக்காலில் புகுந்து, இரு எலும்புகளையும் இணைக்கும் சவ்வு வழியே ஏறி, மேலே போய் எலும்பை உடைத்திருக்கிறது. 1840-இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் இதை மெசன்னவ் முறிவு என்கிறோம். நோயாளி கணுக்காலில்தான் வலி என்பார். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் விரலால் அழுத்திப் பார்த்தால் அங்கே சுளீரென்று வலிக்கும். உடனே கால் முழுதும் படம் எடுக்க வேண்டும். இதைத் தவறவிட்டால், எலும்பு முறிவே இல்லை, வெறும் சுளுக்கு என்று எலாஸ்டிக் கட்டோடு அனுப்பிவிடும் ஆபத்து இருக்கிறது.

ஆகவே நேயர்களே, உங்கள் வீட்டில் ஒருவருக்குக் கணுக்கால் வெளியெலும்பு உடைந்து, அறுவை வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால், இரண்டு கேள்வி கேளுங்கள். உள்பக்க இடைவெளி எவ்வளவு? நிற்கவைத்து மறுபடம் எப்போது? கட்டுப் போட்டபின் வலி குறைந்துவிட்டது என்று அந்த மறுபடத்துக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். முதல் படத்தில் 3 மில்லிமீட்டராக இருந்தது அப்படியே நிற்கிறதா என்பதை அந்த இரண்டாவது படம்தான் சொல்லும். எலும்பு கோணலாகச் சேர்வதற்கு முன் தெரிந்தால் சரிசெய்வது எளிது.