அழுத்தமானித் திரையைப் படித்தறிவோம்



செபராங் ஜெயாவில் மகளுடன் வாழும் ஒரு மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். அவர் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர், ஆங்கில எழுத்தறியாதவர். வீட்டிலுள்ள இரத்த அழுத்தமானியின் திரையைப் பேரன் கைப்பேசியில் படமெடுத்துத் தோட்டத்திலுள்ள தன் மாமனுக்கு அனுப்புகிறான். மேலே 168, நடுவே 94, கீழே 76. மாமன் பதறிவிடுகிறார்.

முதலில் எண்களைப் பார்ப்போம். SYS என்பதன் எதிரிலுள்ளது இதயம் சுருங்கும்போது உண்டாகும் அழுத்தம். DIA என்பது இதயம் தளரும்போதுள்ள அழுத்தம். PULSE என்பது ஒரு நிமிடத்தில் நாடி துடிக்கும் எண்ணிக்கை. mmHg என்பது அழுத்தத்தின் அளவை மட்டுமே குறிக்கும்.

ஆனால் அப்படத்தின் மூலையில் M என்ற சிற்றெழுத்து ஒன்றும் இருந்தது. பல அழுத்தமானிகளில் இது நினைவில் சேமிக்கப்பட்ட பழைய அளவைக் குறிக்கும். பாட்டி தவறான பொத்தானை அழுத்தியதால் முன்பு எடுத்த அளவே திரையில் தோன்றியது. ஆகவே படம் எடுப்போர் எண்களை மட்டும் எடுக்காமல், மூலைகள் உட்பட முழுத் திரையும் தெரியுமாறு எடுத்தல் வேண்டும்.

மாமன் சொல்லியனுப்பிய மறுமொழி இது: "அம்மா, அது பழைய கணக்கு. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள். கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வையுங்கள். பேசாமல் இருங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை எடுங்கள்." அவ்வாறு எடுத்தபோது முதலில் 132க்கு 80, பிறகு 128க்கு 78 எனக் கிடைத்தன. சராசரி 130க்கு 79. வீட்டில் பல நாள் எடுத்த சராசரி 135க்கு 85 அல்லது அதற்கு மேலிருந்தால்தான் உயர் இரத்த அழுத்தமெனக் கொள்வர். எனினும் இந்நல்ல அளவைக் கண்டு பாட்டி மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அம்மாத்திரையே இவ்வளவுக்குக் காரணமாயிருக்கலாம்.

அளக்கும்போது இதயக்குறி மின்னி மின்னி மறைந்தால் அது நாடித்துடிப்பே. அளந்து முடிந்த பின்னரும் அலைக்கோட்டுடன் கூடிய இதயக்குறி நிலைத்திருந்தால், துடிப்பு சீராக இல்லையெனக் கருவி கண்டதாகப் பொருள். கை அசைந்தாலும் பேசினாலும் இக்குறி தோன்றக்கூடும். ஓய்வுக்குப் பின் மீண்டும் மீண்டும் வந்தால் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். குறிகள் கருவிக்குக் கருவி மாறுவதால் அதனுடன் வந்த கையேட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று.

மின்னணு வெப்பமானியில் Lo என வந்தால் "காய்ச்சல் குறைவு" என மொழிபெயர்த்துவிடாதீர்கள். கருவியால் அளக்கக்கூடிய வெப்பத்தை அதன் நுனி இன்னும் எட்டவில்லை என்பதே அதன் பொருள். நாவின்கீழ் சரியாக வைத்து, ஒலி கேட்கும்வரை காத்திருத்தல் வேண்டும்.

நெஞ்சுவலி, வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் செயலிழத்தல் ஆகியவை கண்டால், திரையில் எந்த எண் இருப்பினும் படமெடுத்துக் காத்திராமல் 999 எண்ணை உடனே அழையுங்கள்.