கருட சேவை அன்னைக்கு ஃபைன் ஏன் ஏறுது?

காஞ்சிபுரத்துல ஒரு காலேஜ் நூலகத்துல வேலை பார்க்கிறேன். தினமும் காலையில மெயிலைத் திறந்தா முதல்ல இருக்கிறது ஒரு பட்டியல்: யார் எந்தப் புத்தகத்தைத் திருப்பித் தரலை, ஃபைன் எவ்வளவு. இன்னைக்கு அதைப் பத்திதான் பேசப்போறேன்.

எங்க நூலகத்துல ஓடுறது கோஹா. நியூசிலாந்துல உருவாகி, 2000-ல பயன்பாட்டுக்கு வந்த இலவச மென்பொருள். ராத்திரியில fines.pl ஓடி ஃபைனைக் கணக்குப் போடும். அப்புறம் runreport.pl பட்டியலை எடுத்து மெயில்ல அனுப்பும். இந்த வரிசை மாறினா, மெயில்ல வர்றது நேத்தைய தொகை.

ஆனா பெரிய சிக்கல் லீவு நாள்தான். கோஹாவுக்குள்ள ஒரு காலண்டர் இருக்கு. நூலகம் மூடியிருக்கிற நாளை அதுல போட்டு, finesCalendar அமைப்பையும் அதுக்கேத்த மாதிரி வச்சாதான் அந்த நாளுக்கு ஃபைன் ஏறாது. குடியரசு தினம் மாதிரி நாளை "ஒவ்வொரு வருஷமும்"னு ஒரே தடவை போட்டுடலாம். வரதராஜப் பெருமாள் கருட சேவையை அப்படிப் போட முடியாது. அது வைகாசி பிரம்மோற்சவத்துல மூணாம் நாள். இங்கிலீஷ் தேதி வருஷா வருஷம் மாறும். அதனால ஒவ்வொரு வருஷமும் கையாலதான் போடணும்.

ஒரு உதாரணம் பாருங்க. புத்தகத்தை வெள்ளிக்கிழமை தரணும். ஞாயிறு லீவு, திங்கள் கருட சேவை. மாணவி புதன்கிழமை கொண்டு வர்றாங்க. ஒரு நாளைக்கு 1 ரூபாய்னா சனி, செவ்வாய், புதன், மொத்தம் 3 ரூபாய். திங்களைக் காலண்டர்ல போடலைன்னா 4 ரூபாய். அன்னைக்குத் தெருவெல்லாம் கூட்டம், நூலகமும் பூட்டு. அந்தப் பொண்ணு எங்க கொண்டு வந்து தருவாங்க?

ஒரு ரூபாய்தானேன்னு தோணும். ஆனா கணக்குல பாக்கி நின்னா பரீட்சைக்கு முன்னாடி 'நோ டியூ' கையெழுத்து கிடைக்காது. தறியை நிறுத்திட்டு அப்பா எதுக்கு காலேஜுக்கு வந்து நிக்கணும்?

தப்பைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. லீவுக்கு அடுத்த நாள் பட்டியலை முந்தைய பட்டியலோட ஒப்பிடுங்க. மூடியிருந்த நாளுக்கும் எல்லார் ஃபைனும் ஏறியிருந்தா, காலண்டர்ல அந்த நாள் இல்லைன்னு அர்த்தம். உடனே சேர்த்துட்டா, இன்னும் வெளியில இருக்கிற புத்தகங்களுக்கு அடுத்த ராத்திரி ஃபைன் புதுசா கணக்காகி சரியாகிடும். ஆனா அதுக்குள்ள திரும்பி வந்த புத்தகத்தோட ஃபைன் அப்படியே உறைஞ்சு நிக்கும். அதை யாராவது ஒவ்வொண்ணா தள்ளுபடி பண்ணணும்.

அதனால பஞ்சாங்கம் வந்ததும் நான் முதல்ல பார்க்கிறது வைகாசி மாசப் பக்கத்தைத்தான். உங்க ஊர்லயும் தேர், திருவிழான்னு நூலகம் மூடுற நாள் இருக்கும். அடுத்த தடவை ஃபைன் கட்டும்போது நாளை எண்ணிப் பாருங்க. கணக்கு இடிச்சா கவுண்டர்ல கேளுங்க.