எந்தப் புத்தகத்தை வாங்கினோம்?



எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. "புத்தகம் வாங்குன கதையை மட்டும் சொல்லு, போதும்" என்று தலைவி அக்கா சொன்னதால் வந்து நிற்கிறேன். தீர்மான நோட்டில் அது ஒரே வரியாகத்தான் இருக்கிறது. ஆறு மாதக் குழந்தைக்கு இணை உணவு கொடுப்பது பற்றி குழுவுக்கு ஒரு புத்தகம் வாங்க 2,500 ரூபாய். அந்த ஒரு வரிக்குப் பின்னால் எங்க வீட்டுச் சண்டை ஒண்ணு இருக்குது.

கடையில் அந்த விஷயத்துக்கு இரண்டு புத்தகம் இருந்தது. ஒன்று 120 ரூபாய், மஞ்சள் அட்டை. இன்னொன்று 250 ரூபாய், பச்சை அட்டை. நான் மஞ்சள் அட்டைப் பக்கம்தான். ஏன்னா அதைப் பார்த்துத்தான் என் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தேன். பெரிய எழுத்து, நம்ம பேச்சு மாதிரி தமிழ், கேழ்வரகு, பாசிப்பருப்பு என்று நம்ம வீட்டுச் சாமான். பச்சை அட்டையை என் மருமகள் தோழியிடம் வாங்கி வந்தாள். அதைத் திறந்தால் அவகாடோ, ப்ரோக்கோலி, ஓவன். "நம்ம ஊர் சந்தையில இது எங்கம்மா கிடைக்குது?" என்று சிரித்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில் பேரனுக்கு எட்டு மாதம் முடிந்தது. அங்கன்வாடியில் எடை போட்டார்கள். ஆறு முடிந்தபோது 7 கிலோ, ஏழில் 7.1, எட்டில் 7.2. அந்த வயதில் மாதம் 300 கிராமாவது ஏறணும். அட்டையில் மேலே போக வேண்டிய கோடு படுத்துவிட்டது. அங்கன்வாடி டீச்சர் மெதுவாக, "என்னக்கா கொடுக்கறீங்க?" என்று கேட்டார். கஞ்சிதான் என்றேன். வீட்டுக்கு வந்ததும் மருமகள் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் பரவாயில்லை.

ராத்திரி அவளே வந்து உட்கார்ந்தாள். "அத்தை, எந்தப் புத்தகம் நல்லதுன்னு சண்டை வேண்டாம். நாலு கேள்வி எழுதிக்குவோம். ரெண்டுலயும் அதே நாலு கேள்விக்குப் பதில் தேடுவோம்" என்றாள். எந்த மாதத்தில் ஆரம்பிக்கணும், எவ்வளவு கெட்டியாக இருக்கணும், தேன் கொடுக்கலாமா, முட்டை எப்போ. அவ்வளவுதான் கேள்வி. முழுப் புத்தகத்தையும் படித்திருந்தால் ஒரு மாதம் ஆகியிருக்கும். இதுக்கு ஒரு மணி நேரம் ஆச்சு.

முதல் கேள்விக்கே இரண்டும் மோதிக்கொண்டன. மஞ்சள் நான்காம் மாதம் என்றது. பச்சை ஆறு மாதம் முடிந்து என்றது. எது சரி என்று எப்படித் தெரியும்? மருமகள் பதிப்பு விவரம் போட்டிருக்கும் பக்கத்தைக் காட்டினாள். நான் அந்தப் பக்கத்தை வாழ்க்கையில் பார்த்ததே இல்லை. மஞ்சள் புத்தகத்தில் 2019 மறுபதிப்பு என்று இருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் முதற் பதிப்பு 1994. திருத்திய பதிப்பு என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. அட்டைதான் புதுசு, உள்ளே 1994ஆம் வருஷத்துப் பேச்சு. அந்தக் காலத்தில் நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஆரம்பிக்கலாம் என்றுதான் பொதுவாகச் சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனம் 2001இல்தான் ஆறு மாதம் முழுக்கத் தாய்ப்பால் மட்டும் என்று மாற்றியது. கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டோம், அவரும் அதையே சொன்னார். எழுதினவர் எழுதியபோது தப்பு இல்லை. திருத்தாமல் அச்சடித்ததுதான் தப்பு.

இரண்டாவது கேள்விதான் என்னைச் சுட்டது. மஞ்சள், "நீர்க்கக் காய்ச்சி, குழந்தை விரும்பும் அளவு" என்ற மாதிரி சொல்லி நிறுத்திவிடும். பச்சையில் ஒரு சோதனை இருந்தது. உணவைக் கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் உடனே வழிந்து ஓடக்கூடாது, கரண்டியில் நிற்கணும். அடுப்பில் இருந்த என் கஞ்சியை எடுத்துச் சாய்த்தேன். தண்ணி மாதிரி ஓடிருச்சு. குழந்தையின் வயிறு ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 30 மில்லிதான் பிடிக்கும். 7 கிலோ பிள்ளைக்கு 210 மில்லி, ஒரு டம்ளர். அந்த டம்ளரை நான் கஞ்சித் தண்ணியால் ரொப்பிவிட்டேன். பிள்ளை வயிறு நிறைந்து தூங்கும், சத்து இறங்காது. தூங்கறானே என்று நானும் சந்தோஷப்பட்டேன். ஆரம்பத்தில் இரண்டு மூன்று கரண்டி, பிறகு கூட்டிக் கூட்டி எட்டு மாதத்துக்குள் 250 மில்லி கிண்ணத்தில் அரைக் கிண்ணம், நாளைக்கு இரண்டு மூன்று வேளை, கூடவே தாய்ப்பால் என்று பச்சையில் அளவும் போட்டிருந்தது.

தேன் விஷயத்தில் மஞ்சள் புத்தகம் மருந்தைத் தேனில் குழைத்துத் தடவச் சொல்கிறது. நம்ம பக்கம் பிறந்த பிள்ளைக்குச் சேனை வைக்கிறதும் அப்படித்தானே. ஒரு வயசுக்குள் தேன் ஒரு சொட்டும் கூடாது என்று பச்சை சொல்கிறது. தேனில் ஒரு கிருமியின் வித்து இருக்கலாம், காய்ச்சினாலும் சாகாது. பெரியவங்களை ஒண்ணும் செய்யாது. சின்னக் குழந்தையின் குடலில் முளைத்து விஷத்தை உண்டாக்கும், கை கால் துவளும், பால் குடிக்க முடியாமல் போகும். அபூர்வமாகத்தான் வரும், வந்தால் ஆஸ்பத்திரிதான். முட்டைக்கு மஞ்சள் ஒரு வயசு முடியணும் என்றது. இப்போது ஆறு மாதத்துக்குப் பிறகே நன்றாக வேகவைத்துக் கொடுக்கலாம் என்கிறார்கள். பச்சையிலும் அதுதான்.

நாலு கேள்வியிலும் என் புத்தகம் தோற்றது. ஆனாலும் பச்சையை வாங்குவதா என்று குழுவில் பேச்சு வந்தது. எழுத்து பொடி, விலை இரட்டிப்பு, சாமான் வெளிநாட்டுச் சாமான். எல்லாம் நிஜம்தான். நான் சொன்னது இதுதான்: அவகாடோவுக்குப் பதில் வாழைப்பழம் என்று நமக்கே மாற்றத் தெரியும். நாலு மாதம் என்பதை ஆறு மாதமாக மாற்றணும்னு, புத்தகத்தை நம்பிப் படிக்கிற பொண்ணுக்கு எப்படித் தெரியும்? சாமான் தப்பை நாம திருத்திக்கலாம், மாதத் தப்பை அவளால் திருத்த முடியாது.

கடைக்காரர் பத்து சதவீதம் கழித்து 225 ரூபாய்க்குக் கொடுத்தார். 11 பிரதிக்கு 2,475 ரூபாய், மீதி 25. எட்டுக் குழுவுக்கு ஒவ்வொன்று, பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஆறு குழு இரண்டிரண்டாகப் பகிர்ந்துகொள்ளும். அட்டையின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். ப்ரோக்கோலிக்குப் பதில் முருங்கைக்கீரை, ஓவனுக்குப் பதில் இட்லிப் பானை. முழு வேர்க்கடலையும் முழுத் திராட்சையும் தொண்டையில் சிக்கும், கொடுக்கவே கூடாது என்பதைப் பெரிசாக எழுதச் சொன்னேன்.

அந்தத் தாளின் கடைசியில் மஞ்சள் புத்தகத்திலிருந்து ஒரு பக்குவத்தையும் எங்க வார்த்தையில் எழுதியிருக்கிறோம். கேழ்வரகை ராத்திரி ஊறவைத்து, துணியில் கட்டி முளைக்கவிட்டு, காயவைத்து, லேசாக வறுத்து அரைப்பது. முளைகட்டிய மாவில் காய்ச்சினால் கஞ்சி இளகும். அதனால் அதே கிண்ணத்தில் கூடுதல் மாவு போடலாம், பிள்ளைக்கு விழுங்கவும் சுலபம். அந்த ஒரு பக்கம் மட்டும் பச்சையில் இல்லை.

தெற்குத் தெருக் குழுவுக்குப் போன பிரதி இரண்டு மாதமாக ஒரே வீட்டில் இருப்பதாகச் சொல்கிறார்கள். இந்தக் கூட்டம் முடிவதற்குள் அடுத்த குழுவிடம் கொடுத்துவிடுங்கள், அங்கே இரண்டு பிள்ளைகளுக்கு இந்த மாதம் ஆறு மாதம் முடிகிறது.