டேக் 3 படத்துக்கு டேக் 2 குரல்: கிளாப் போர்டு கதை

இன்னிக்கு எபிசோட் நான் பண்ண ஒரு தப்பைப் பத்தி. ஆபீஸ் தப்பு இல்ல, அதுக்கு அங்கேயே ஆள் இருக்காங்க திட்டுறதுக்கு. இது ஒரு ஷார்ட் ஃபிலிம் ஷூட்டிங்ல நடந்தது.

நண்பன் ஒருத்தன் டைரக்ட் பண்ணான். ரெண்டு நாள் ஷூட்டிங், ஒரே வீடு. எனக்கு கேமராவும் தெரியாது, லைட்டிங்கும் தெரியாது. அதனால கையில கிளாப் போர்டைக் குடுத்துட்டான். "நம்பர் எழுதி டப்புனு அடிக்கணும், அவ்ளோதான் மச்சான்"னான். நானும் அவ்ளோதான்னு நம்பிட்டேன்.

முதல்ல அந்த 'டப்' எதுக்குன்னு சொல்லிடுறேன். சினிமாவுல பெரும்பாலும் படத்தை கேமராவும் சத்தத்தை தனியா ஒரு ரெக்கார்டரும் பதிவு பண்ணும். ரெண்டும் வேற வேற ஃபைல். எடிட்டர் உட்கார்ந்து அதை ஒட்டணும். போர்டோட மேல்கட்டை கீழ்கட்டையில் தொடுற ஃப்ரேம் படத்துல தெரியும், அதே நொடி சத்தத்தோட வேவ்ஃபார்ம்ல ஊசி மாதிரி ஒரு முனை எழும்பும். அந்த ஃப்ரேமையும் முனையையும் நேரா வெச்சா வேலை முடிஞ்சது. 24 ஃப்ரேம் வேகத்துல ஒரு ஃப்ரேம்னா சுமார் 42 மில்லிசெகண்ட், அவ்வளவு துல்லியம் போதும்.

ஆனா எந்தப் படத்துக்கு எந்த சத்தம்னு கட்டை சொல்லாது. அதை நம்பர்தான் சொல்லும். நம்ம ஆளுங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, ரெண்டு டேபிளை ஜாயின் பண்ற கீ அதுதான்.

தமிழ் சினிமா செட்ல பொதுவா சீன், ஷாட், டேக்னு மூணு எண் எழுதுவாங்க. என் நண்பன் அமெரிக்க முறையில போனான். அதுல சீன் எண்ணோட ஒரு எழுத்து சேரும். சீன் 12-ல முதல் ஷாட் வெறும் 12. கேமராவை நகர்த்தி அடுத்த ஷாட் வெச்சா 12A, அப்புறம் 12B. ஒவ்வொண்ணுக்கும் டேக் 1-ல இருந்து ஆரம்பம். இதுல I, O ரெண்டையும் விட்டுருவாங்க. போர்டுல அவசரமா எழுதினா 1 மாதிரியும் 0 மாதிரியும் தெரியும். வாய்ல சொல்லும்போதும் பி, டி மாதிரி எழுத்தெல்லாம் மைக்ல ஒரே மாதிரி கேட்கும்னு "ட்வெல்வ் ஆப்பிள், டேக் ஒன்"னு சொல்றது வழக்கம். நல்லா கவனிங்க, ஒரே தகவல் ரெண்டு இடத்துல போகுது. போர்டுல எழுதினது படத்துக்குள்ள, வாய்ல சொன்னது சத்தத்துக்குள்ள.

நான் முதல் டேக்ல மட்டும் சொன்னேன். "சீக்கிரம்டா, வெளிச்சம் போகுது"னு டைரக்டர் கத்தினதும், அடுத்த டேக்ல இருந்து வெறும் கட்டையை மட்டும் அடிச்சேன். போர்டுலதான் எழுதியிருக்கே, இன்னொரு தடவை எதுக்குன்னு நினைப்பு.

12A-ல அம்மா கேரக்டர் போன்ல பேசிட்டே அழற ஷாட். நாலு டேக் எடுத்தோம். மூணாவது டேக்ல அந்த அக்கா நடிச்சது, செட்ல யாரும் மூச்சு விடல. டைரக்டர் நோட்ல 12A டேக் 3-ஐ வட்டம் போட்டுட்டான்.

ரெண்டு வாரம் கழிச்சு எடிட்டர் அண்ணா போன் பண்ணார். "தம்பி, ஓகே டேக் ஓடல. கிளாப் கரெக்டா உட்காருது, முதல் வரியும் ஒட்டுது, ரெண்டாவது வரியில வாய் திறக்குறதுக்கு முன்னாடியே குரல் வருது. கேமரா ஃப்ரேம் விட்டிருக்கும் போல. டேக் 4-ஐ வெச்சுக்கலாமா?" குரல் லேட்டா வந்தா கூட கொஞ்சம் பொறுத்துக்குவோம், முந்தி வந்தா கண்ணு உடனே பிடிச்சிரும். வெளியூர்ல இருந்து வந்துட்டுப் போன அக்காவை திரும்ப டப்பிங்குக்குக் கூப்பிட காசும் இல்ல.

நான் அவர் ரூமுக்குப் போனேன். சினிமா தெரியலைன்னாலும் ஃபைல் எண்ணத் தெரியும்ல. 12A-க்கு கேமரா கிளிப் நாலு இருந்துச்சு. சவுண்ட் ஃபைல் அஞ்சு. அங்கேயே பாதி புரிஞ்சிருச்சு.

நடந்தது இதுதான். டேக் 1 முடிஞ்சதும் ரெண்டாவதுக்கு சவுண்ட் ஓட ஆரம்பிச்சது. நான் கட்டை அடிக்கும் முன்னாடியே கேமராமேன் "கார்டு ஃபுல்"னு நிறுத்திட்டார். கேமரால எதுவும் பதிவாகல, அதனால நான் போர்டுல 2-ன்னு அப்படியே விட்டேன். ரெக்கார்டருக்கு அது தெரியுமா? நிறுத்தினதும் தானா அடுத்த நம்பருக்குப் போயிருச்சு.

```
போர்டு     சவுண்ட் ஃபைல்
டேக் 1     12A-T01.WAV
(இல்லை)    12A-T02.WAV
டேக் 2     12A-T03.WAV
டேக் 3     12A-T04.WAV
டேக் 4     12A-T05.WAV
```

ஆமா, நம்ம பழைய நண்பன் ஆஃப்-பை-ஒன். எடிட்டர் டேக் 3 படத்தோட T03-ஐ ஒட்டியிருக்கார். அது டேக் 2-ஓட குரல். ஒரே வசனம், ஒரே ஆள், அதனால முதல் வரி கிட்டத்தட்ட ஒட்டிருச்சு. வேற வேற வசனமா இருந்தா அஞ்சு செகண்ட்ல மாட்டியிருக்கும். T02-வைத் திறந்து கேட்டா இருபது செகண்ட் சலசலப்பு, நடுவுல "கார்டு ஃபுல்". T04-ஐ டேக் 3 படத்துல வெச்சோம். அழுகை, மூச்சு, எல்லாம் உதட்டுல போய் உட்கார்ந்துச்சு. அண்ணா என்னைப் பார்த்து, "'டேக் த்ரீ'னு ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தா எனக்கு ரெண்டு ராத்திரி மிச்சம்"னார். பதில் சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல.

அப்போ அந்த இடத்துல சரியா என்ன பண்ணியிருக்கணும்? சவுண்ட் ப்ரோகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த ஃபைலை ஃபால்ஸ் டேக்னு ஒதுக்கி நம்பரைப் பின்னாடி இழுத்திருப்பார். சில ரெக்கார்டர்ல அதுக்கு பட்டனே இருக்கு. இல்லன்னா நான் போர்டை 3-க்கு மாத்தி, "டேக் 2 சவுண்ட் மட்டும்"னு ரிப்போர்ட்ல எழுதியிருக்கணும். நம்பர் நடுவுல ஒண்ணு காணோம்னா எடிட்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துக்குவார், பிரச்சினை இல்ல. ஒரே நம்பர் ரெண்டு தடவை வந்தாதான் தலைவலி.

இன்னொரு விஷயம் அண்ணாகிட்ட அன்னிக்குதான் கத்துக்கிட்டேன். தூங்குற குழந்தை ஷாட்ல முன்னாடியே கட்டை அடிச்சா குழந்தை முழிச்சிரும். அப்போ ஷாட் முடிஞ்சப்புறம் அடிப்பாங்க, போர்டைத் தலைகீழா பிடிச்சு. ஃபிலிம் ரோல்ல ஷாட் எல்லாம் வரிசையா ஒட்டிட்டு வரும், நடுவுல ஒரு போர்டு தெரிஞ்சா அது முடிஞ்ச ஷாட்டோடதா வரப்போற ஷாட்டோடதான்னு குழப்பம். தலைகீழா இருந்தா முடிஞ்சதோடதுன்னு அர்த்தம். அதே மாதிரி சத்தமே பதிவு பண்ணாத ஷாட்னா ரெண்டு கட்டைக்கு நடுவுல விரலை வெச்சுப் பிடிப்பாங்க. எடிட்டர் இல்லாத சவுண்ட் ஃபைலைத் தேடி அலைய வேண்டாம்.

நான் கேட்டேன், "டைம்கோட் இருந்தா இதெல்லாம் தேவையில்லையே அண்ணா?" கேமராவும் ரெக்கார்டரும் ஒரே கடிகாரத்துல ஓடினா சாஃப்ட்வேரே ஒட்டிரும், அது உண்மைதான். ஆனா அப்பவும் இது சீன் 12-ஆ 14-ஆ, டைரக்டர் வட்டம் போட்டது எதுன்னு டைம்கோட் சொல்லாது. அது போக, எங்க கேமரால டைம்கோட் வசதியே கிடையாது, வாடகைக்கு எடுத்தது அந்த ரேஞ்ச்.

படம் முடிஞ்சது. நண்பன் அடுத்த கதை எழுதிட்டு இருக்கான், திரும்பவும் என்னைத்தான் கிளாப் அடிக்கக் கூப்பிட்டிருக்கான். எடிட்டர் அண்ணா ஒரே கண்டிஷன் போட்டிருக்கார்: ஒவ்வொரு டேக்குக்கும் என் குரல் அவருக்குக் கேட்கணும். அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.