மூடியை வரைந்தோம், கையை வரையவில்லை

(விஞ்ஞான மன்றக் கூட்டத்தில் உயர்தர மாணவிகளுக்கு ஆற்றிய உரை)



உங்கள் செயற்றிட்டங்களுக்குக் கணினியில் முப்பரிமாண மாதிரி செய்யப் பழகுகிறீர்கள் என்று ஆசிரியை சொன்னா. அதற்கு முன்னர் ஏன் கடதாசியில் வரைய வேண்டும் என்று உங்களில் சிலர் கேட்டீர்களாம். எங்களுக்கும் அந்தக் கேள்வி இருந்தது. நாங்கள் மூவர்: ஒரு வைத்தியர், ஒரு தொழில்வழிச் சிகிச்சையாளர், ஒரு பொறியியல் மாணவி. நாங்கள் பிழை விட்ட கதையைத்தான் சொல்லப் போகிறோம்.

எங்களிடம் வந்த ஓர் அம்மாவுக்கு மூட்டுவாதம். விரல் மூட்டுகள் வீங்கி, இறுக்கிப் பிடிக்க முடியாத நிலை. “பிள்ளை, மருந்து நல்ல மருந்துதான். போத்தலைத்தான் திறக்கேலாமல் கிடக்கு” என்றா. மருந்தை எழுதிக் கொடுத்த எங்களுக்கு அது சுட்டது.

மூடியை அளந்தோம். விட்டம் 4 சென்ரிமீற்றர். அன்று மாலையே கணினியில் அமர்ந்து, மூடிக்கு மேலே பொருந்தும் பெரிய வட்டப் பிடி ஒன்றைச் செய்தோம். அதன் விட்டம் 8 சென்ரிமீற்றர். திரையில் மிக அழகாக இருந்தது. அச்சிட்டு எடுத்துச் சென்றோம். அம்மாவின் விரல்கள் அந்த அகலத்துக்கு விரியவில்லை. சிரமப்பட்டுப் பிடித்தபோது மற்றக் கையில் இருந்த போத்தலும் சேர்ந்து சுழன்றது.

அளவு ஒன்றிலும் பிழையில்லை. பிறகு எங்கே பிழை? வட்டம் வரையத் தொடங்கியதுமே கணினி விட்டத்தைக் கேட்கும். வட்டம்தான் வேண்டுமா என்று அது கேட்காது. நாங்களும் கேட்கவில்லை. திரையில் அந்தப் பிடி மட்டும் வெறுவெளியில் நின்றது. அதைப் பிடிக்கும் கையும் இல்லை, போத்தலும் இல்லை, மேசையும் இல்லை. பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்ததில் அதன் உண்மைப் பருமனும் மறந்துபோயிற்று.

பிறகு ஒரு கடதாசியை எட்டாக மடித்தோம். ஒரு கட்டத்துக்கு இரண்டு நிமிடம், அழிறப்பர் இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் கை, போத்தல், மேசை மூன்றும் இருக்க வேண்டும் என்பது மட்டுமே விதி. மூன்றாவது கட்டத்தில் வட்டத்துக்குப் பதிலாக ஒரு நீண்ட கைபிடி வந்தது. ஆறாவதில் மற்றக் கையை வரைய முயன்றபோதுதான், அது எதைப் பிடிப்பது என்ற கேள்வி எழுந்தது. போத்தல் சுழலாமல் உட்காரக் குழி வைத்த ஒரு பலகை அப்போது பிறந்தது.

விசைத் திருப்பம் நீங்கள் படித்ததுதான். மூடியின் ஓரம் மையத்திலிருந்து 2 சென்ரிமீற்றர். 12 சென்ரிமீற்றர் தூரத்தில் தள்ளினால் ஆறில் ஒரு பங்கு விசை போதும்.

அந்தக் கிறுக்கல்களை அம்மாவிடம் காட்டினோம். முதலில் செய்த பிடியைப் பார்த்து “வடிவாயிருக்கு” என்று மட்டும் சொன்னவ, இப்போது மூன்றாவது கட்டத்தில் விரலை வைத்து, “இதெண்டால் பிடிக்கத் தேவையில்லை, உள்ளங்கையால தள்ளலாம்” என்றா. முடிந்ததுபோல் தெரியும் பொருளைக் குறைசொல்ல மனிதர் தயங்குவார்கள். பென்சில் கோட்டைத் திருத்த யாரும் தயங்குவதில்லை.

அடுத்து மேற்பக்கத் தோற்றத்தை உண்மை அளவிலேயே வரைந்து, அதன்மேல் அம்மாவின் கையை வைக்கச் சொன்னோம். நாங்கள் வரைந்திருந்த ஒன்றரை சென்ரிமீற்றர் கைபிடி உள்ளங்கைக்கு ஒடுக்கம். 3 சென்ரிமீற்றர் ஆக்கினோம். கணினியில் இது எளிதான மாற்றம் அல்ல. அங்கே ஒரு படியின்மேல் அடுத்த படி கட்டப்படுகிறது. அடியில் உள்ளதை மாற்றினால் மேலே வளைத்த ஓரங்களும் துளைகளும் பல வேளைகளில் குலைந்துபோகும். கடதாசியில் ஒரு கோடு இழுத்தால் போதும்.

அதன் பின்னரே கணினிக்குப் போனோம். என்ன செய்வது என்று தெரிந்திருந்ததால் ஒரு மணித்தியாலத்தில் மாதிரி முடிந்தது. கடதாசியால் சொல்ல முடியாததும் உண்டு. 40 மில்லிமீற்றர் மூடிக்குச் சரியாக 40 மில்லிமீற்றர் துளை வைத்தால் அது உள்ளே போகாது. அரை மில்லிமீற்றர் கூட்டி, வழுக்காமலிருக்க மெல்லிய றப்பர் பட்டி ஒட்டினோம். அந்த நுணுக்கத்துக்குக் கணினிதான் வேண்டும்.

அம்மா இப்போது யாரையும் கூப்பிடாமல் போத்தலைத் திறக்கிறா. எட்டாய் மடித்த அந்தக் கடதாசியை இன்று கொண்டுவந்திருக்கிறோம். கைக்குக் கை கொடுத்துப் பாருங்கள். எட்டில் ஐந்து கட்டங்கள் எதற்கும் உதவாதவை. அவற்றுக்கு எங்களுக்குப் பத்து நிமிடந்தான் செலவானது.