அடமானம் தீர்ந்த ரசீதை எப்படி ஒப்புப் பார்ப்பது?

(கருவேப்பிலங்குறிச்சியில் நடந்த குழு ஊக்குநர்கள், பிரதிநிதிகள் கூட்டத்தில், பத்திர எழுத்தர் அலுவலகத்தில் பல வருடம் வேலை பார்த்த சகோதரி ஒருவர் பேசியது)

பத்திர எழுத்தர் ஆபீசில் என் வேலை ஒப்புப் பார்ப்பது. பழைய பத்திரத்தை ஒருத்தர் வாய்விட்டுப் படிப்பார். புதுப் பத்திரத்தில் நான் விரல் வைத்து வார்த்தை வார்த்தையாகச் சரி பார்ப்பேன். அந்த வேலையை நீங்களே செய்துகொள்ள முடியும். அதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

முதலில் ஒரு அக்காவுடைய கதை. இந்தப் பக்கத்து அக்காதான். வீட்டுக்காரர் விருத்தாசலம் செராமிக் பேட்டையில் சூளை வேலைக்குப் போனவர். மகள் கல்யாணத்துக்காக 2011-ல் வீட்டு மனையை அடமானம் எழுதிக் கொடுத்து, தெரிந்தவர் ஒருவரிடம் 1,50,000 ரூபாய் வாங்கினார்கள். 2016-ல் அசலும் வட்டியும் கட்டி முடித்து, சார்பதிவாளர் ஆபீசில் ரசீதுப் பத்திரமும் பதிந்தாகிவிட்டது. எல்லாம் முடிந்தது என்று அக்கா நிம்மதியாக இருந்தார்.

2019-ல் வீடு கட்ட பாங்கிக் கடன் கேட்டபோது, வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தார்கள். 2011 அடமானம் அதில் அப்படியே நிற்கிறது, தீர்ந்த ரசீதைக் காணோம்! காரணம் ஒரே ஒரு எழுத்து. (சர்வே எண்ணை மாற்றிச் சொல்கிறேன்.) மனையின் எண் 112/3பி. அந்த ‘பி’யை இங்கிலீஷ் எழுத்தில் கையால் எழுதினால் 8 மாதிரித் தெரியும். தட்டச்சு செய்தவர் 112/38 என்று அடித்துவிட்டார். வில்லங்கச் சான்று சர்வே எண்ணை வைத்துத்தான் தேடப்படும். அடமானம் ஒரு எண்ணில், ரசீது வேறு எண்ணில். இரண்டும் சேரவே இல்லை.

சரி, திருத்திக்கொள்ளலாம் என்று போனால், கடன் கொடுத்தவர் 2018-லேயே காலமாகிவிட்டார். ரசீது எழுதிக் கொடுக்க வேண்டியவர் அவர்தானே? அதனால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் வாங்கி, அவர் மனைவியும் மூன்று பிள்ளைகளும் பிழைதிருத்தல் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. ஒரு மகன் வெளிநாட்டில். அவரிடமிருந்து பவர் பத்திரம் வரவே மாதங்கள் ஓடிவிட்டன. அதற்குள் பாங்கிக் கடனும் கை நழுவிப் போச்சு.

ஆகவே கையெழுத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது மூன்று: பெயர், சொத்து விவரம், தீர்ந்தது என்று சொல்கிற வாசகம்.

பெயரில் நடக்கிற பெரிய தப்பு இடம் மாறாமல் போவது. அடமானப் பத்திரத்தில் எழுதிக் கொடுப்பவர் கடன் வாங்கிய நீங்கள். எழுதி வாங்குபவர் கடன் கொடுத்தவர். ரசீதில் இது தலைகீழ். கடன் கொடுத்தவர்தான் எழுதிக் கொடுப்பவர், நீங்கள் எழுதி வாங்குபவர். பழைய பத்திரத்தை எதிரில் வைத்து அடிக்கும்போது பெயர்கள் பழைய இடத்திலேயே உட்கார்ந்துவிடும். அப்படியானால், பணத்தை நீங்கள் பெற்றுக்கொண்டதாக ஆகிவிடும்! “நான் பெற்றுக்கொண்டேன்” என்ற வரி வந்தால், அந்த ‘நான்’ யார் என்று மேலே போய்ப் பாருங்கள்.

அதோடு இனிஷியல், கணவர் அல்லது தகப்பனார் பெயர் இரண்டு பத்திரத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, அடமானத்தில் ‘செல்வி’ என்றும் ஆதார் அட்டையில் ‘தமிழ்ச்செல்வி’ என்றும் இருந்தால், ‘செல்வி என்கிற தமிழ்ச்செல்வி’ என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் போட வேண்டாம்.

அடுத்தது சொத்து விவரம். வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு, அளவு, நான்கு எல்லை என்று வரிசையாக வரும். இதை மனப்பாடமாகச் சொல்லாதீர்கள். ரசீதுக்கு ஒப்பு, பதிவான அடமானப் பத்திரம்தான். எண்ணை ஒவ்வொரு இலக்கமாக, “ஒன்று, ஒன்று, இரண்டு, கோடு, மூன்று, பி” என்று படியுங்கள்.

அளவில் புள்ளி இடம் மாறும். பட்டாவில் ஹெக்டேர் 0.02.0 என்றால் 2 ஏர், கிட்டத்தட்ட 5 செண்டு. அதையே 0.20.0 என்று அடித்தால் 49 செண்டு! ஒரு ஏர் என்பது ஏறக்குறைய 2.47 செண்டு என்று நினைவில் வைத்தால் போதும், இந்தத் தப்பு உடனே தெரிந்துவிடும்.

மூன்றாவது வாசகம். சில பேர் அடமானப் பத்திரத்தின் பின்பக்கம் “ரூபாய் இவ்வளவு வரவு” என்று எழுதி வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அது பணம் வந்ததற்குச் சாட்சி மட்டும்தான். 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டம் 17-வது பிரிவின்படி, இப்படிப்பட்ட வரவுக் குறிப்பைப் பதிய வேண்டியதில்லை. ஆனால் பதியாததால் அது வில்லங்கச் சான்றில் ஏறாது. அடமானமே தீர்ந்தது என்று சொல்கிற தனி ரசீதைத்தான் பதிய வேண்டும். அப்படிப் பதிந்து கேட்கிற உரிமை, செலவு உங்களுடையது என்றாலும், 1882-ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டம் 60-வது பிரிவில் உங்களுக்கு இருக்கிறது.

அந்த ரசீதில் இருக்க வேண்டியது இதுதான்: இன்ன ஆபீசில், இன்ன வருடம், இன்ன எண்ணாகப் பதிவான அடமானம், அதன் அசலும் வட்டியும் முழுவதும் பெற்றுக்கொண்டேன், பாக்கி ஏதுமில்லை, அந்த அடமானம் இதனால் தீர்ந்து ரத்தாகிறது, சொத்து முழுவதிலும் எனக்கோ என் வாரிசுகளுக்கோ இனி உரிமையில்லை, அசல் அடமானப் பத்திரத்தையும் மூலப் பத்திரங்களையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ‘முழுவதும்’ என்ற சொல் விட்டுப்போனாலும், ‘ரத்து’ என்ற சொல் விட்டுப்போனாலும், கையெழுத்துக்கு நிற்காதீர்கள். வாசகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அடமானப் பத்திர எண்ணும் வருடமும் தப்பாக இருந்தால் வேறு ஏதோ அடமானம் தீர்ந்ததாகிவிடும். தொகை எண்ணாலும் எழுத்தாலும் ஒன்றா என்றும் பாருங்கள்.

பாங்கியில் அடமானம் வைத்தவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் போட்ட உத்தரவுப்படி, வீட்டுக் கடன் போன்ற தனிநபர் கடன் முழுவதும் கட்டின 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தந்து, பதிவில் இருக்கும் பாரத்தையும் நீக்க வேண்டும். அவர்கள் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு. பத்திரம் கைக்கு வந்தால் போதாது, பதிவில் நீங்கியதா என்றும் கேளுங்கள்.

கையெழுத்துக்கு முன் பிழை தெரிந்தால் ஒரு பக்கத்தைத் திரும்ப அடித்தால் முடிந்தது. அடித்துத் திருத்தினால், அந்த இடத்தில் எழுதிக் கொடுப்பவர் கையெழுத்து இருக்க வேண்டும். பதிந்த பிறகு தெரிந்தால் பிழைதிருத்தல் பத்திரம்தான். அதையும் கடன் கொடுத்தவர் இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.

கடைசி வேலை, பதிந்த சில நாளில் tnreginet.gov.in தளத்தில் உங்கள் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். ரசீது அதில் வந்திருக்க வேண்டும், அதற்கு எதிரே முந்தைய ஆவண எண்ணாக அடமானத்தின் எண் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால்தான் கடன் தீர்ந்தது. அந்த அக்கா 2016-லேயே இதைப் பார்த்திருந்தால், கடன் கொடுத்தவரே ஒரு கையெழுத்தில் முடித்துக் கொடுத்திருப்பார்.

அடமான ரசீது வைத்திருக்கிறவர்கள் அடுத்த கூட்டத்துக்கு இரண்டு பத்திரத்தின் நகலையும் கொண்டு வாருங்கள். ஒருத்தர் படிக்க, ஒருத்தர் விரல் வைக்க, இங்கேயே ஒப்புப் பார்த்துவிடுவோம்.