ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி ஓடுற மோட்டார்: சிக்னல் போனா என்ன ஆகும்?

தோட்டத்து மோட்டாரை வீட்டுல இருந்தே ஆன், ஆஃப் பண்ற லோரா கன்ட்ரோலர் பத்தி இன்னிக்குப் பேசலாம்.

ராசிபுரம் பக்கம் ஒரு தோட்டம்னு வெச்சுக்குவோம். கிணறு வீட்டுல இருந்து ஒன்றரை கிலோமீட்டர். நடுவுல தென்னையும் மரவள்ளியும். வைஃபை அவ்வளவு தூரம் எட்டாது. லோரா எட்டும், ஏன்னா அது ரொம்ப மெதுவா பேசுது. 12 பைட் செய்தியை எஸ்.எஃப் 10-ல அனுப்பினா சுமார் 0.3 நொடி ஆகும். எஸ்.எஃப் 12-ல இன்னும் தூரம் போகும், ஆனா 1.2 நொடி ஆகும். மோட்டாருக்கு அந்த வேகமே தாராளம். இந்தியாவுல 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்தியில அனுப்ப லைசென்ஸும் வேண்டாம்.

தூரத்தை விடப் பெரிய கேள்வி ஒண்ணு இருக்கு. 'ஆன்' போய்ச் சேர்ந்து, 'ஆஃப்' போகலைன்னா? கிணத்துல தண்ணி வத்தின பிறகும் மோட்டார் ஓடும். சப்மெர்சிபிள் மோட்டாரைக் குளிர வைக்கிறதே சுத்தியிருக்கிற தண்ணிதான். அது இல்லைன்னா காயில் கருகிடும்.

அதனால 'ஆன்' என்பதை ஒரு கட்டளையா வைக்காம, 5 நிமிஷ அனுமதியா வைக்கணும். வீட்டுப் பெட்டி நிமிஷத்துக்கு ஒரு தடவை அதைப் புதுப்பிக்கும். நடுவுல ரெண்டு, மூணு செய்தி தொலைஞ்சாலும் மோட்டார் ஓடும். அஞ்சு நிமிஷம் எதுவுமே வரலைன்னா கிணத்துப் பெட்டி தானா நிறுத்திடும்.

வயரிங்கும் இதே மாதிரி யோசிச்சு செய்யணும். ஸ்டார்ட்டரோட பச்சை பட்டனுக்கு இணையா ஒரு ரிலே, ஒரு நொடி அழுத்தினா போதும். இன்னொரு ரிலே சிவப்பு பட்டனோட தொடரா. அனுமதி இருக்கிற வரை மட்டும் அது மூடியிருக்கும். கன்ட்ரோலர் செத்துட்டா ரிலே திறந்துக்கும், மோட்டாரும் நின்னுடும். ஒரு எச்சரிக்கை: பல ஸ்டார்ட்டர் காயில் 415 வோல்ட். 250 வோல்ட்டுக்குச் செஞ்ச சின்ன ரிலேவை நேரா மாட்டாதீங்க, நடுவுல ஒரு கான்டாக்டர் வேணும்.

அடுத்து, மோட்டார் ஓடுதான்னு எப்படித் தெரியும்? ரிலே மூடியிருக்குங்கிறது சாட்சி ஆகாது. மூணு பேஸ் வயர்லயும் கரண்ட் சென்சார் போடுங்க. ஒண்ணுல மட்டும் பூஜ்ஜியம்னா ஒரு பேஸ் போயிருக்கு. மூணும் வழக்கத்தை விட நல்லாக் குறைஞ்சா மோட்டார் தண்ணி இல்லாம ஓடுது. ரெண்டுக்கும் கிணத்துப் பெட்டியே உடனே நிறுத்தணும், வீட்டைக் கேட்டுக் காத்திருக்கக் கூடாது.

கடைசியா, கிணத்துப் பக்கம் ஒரு மேனுவல்-ஆஃப்-ஆட்டோ சுவிட்ச் கட்டாயம். மோட்டாரைக் கழட்ட ஒருத்தர் கிணத்துக்குள்ள இறங்கும்போது, முதல்ல மெயினை ஆஃப் பண்ணி ஃப்யூஸைக் கழட்டி கையில வெச்சுக்கணும். வீட்டுல யார் ஆன் அழுத்தினாலும் அப்போ மோட்டார் ஓடாது.